தம்பி போனில் இருந்த என் பணம்

ஊருக்குப் போகும்போதெல்லாம் தம்பியைக் கூட்டிக்கொண்டு அலைந்த ஆள் நான். துணைக்கு என்று நினைக்காதீர்கள், பணம் கட்டத்தான். என் கணக்கில் பதிந்திருந்தது அவன் நம்பர், அதனால் யூபிஐ ஓடியதும் அவன் போனில். சிங்கப்பூரில் நான் காசை அந்தக் கணக்குக்கு அனுப்பிய நிமிடமே அவனிடமிருந்து வாட்ஸப் வரும்: "அண்ணே, சம்பளம் போட்டாச்சு போல?" பாசக்காரன்தான், ஆனாலும் என் கணக்கில் இருப்பு எவ்வளவு என்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது ஒரு மாதிரியாக இருந்தது.

இந்த நிலைக்கு வந்தது என் சோம்பேறித்தனத்தால்தான். சிங்கப்பூர் வந்த புதிதில் இந்திய ப்ரீபெய்ட் சிம்மை டப்பாவில் போட்டு வைத்தேன், ரீசார்ஜ் செய்ய மறந்தேன். தொடர்ந்து 90 நாள் பயன்பாடே இல்லாமல், குறைந்தபட்ச இருப்பும் இல்லாமல் கிடந்தால் நம்பர் போய்விடும், கொஞ்ச காலம் கழித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். என் நம்பர் யாரிடமோ போனது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது வங்கியில் அவசரத்துக்குத் தம்பி நம்பரை எழுதிக் கொடுத்தேன். நம்மில் பாதிப் பேர் செய்வது இதைத்தான், தப்பு என்று தெரிந்தே செய்கிறோம்.

வெளிநாட்டு நம்பரிலேயே யூபிஐ ஓட்டலாம் என்பது பலருக்கு இன்னும் தெரியவில்லை. 2023 ஜனவரியிலேயே, யூபிஐயை நடத்தும் என்பிசிஐ இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. முதலில் 10 நாடுகள்: சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங். பிறகு பிரான்ஸும் மலேசியாவும் சேர்ந்தன. குவைத்தும் பஹ்ரைனும் அதில் இல்லை, அங்கே இருக்கும் நம் ஆட்கள் எண்ணிக்கையைப் பார்த்தால் எனக்கு இது கொஞ்சம் அநியாயமாகத்தான் படுகிறது.

சரி, அனுமதி இருக்கிறதே, ஆப்பை இறக்கி +65 நம்பரைப் போட்டால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. நானும் அப்படித்தான் நினைத்து மூன்று ஆப்பை மாற்றி மாற்றி இறக்கிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணடித்தேன். கோளாறு ஆப்பில் இல்லை, வங்கிக் கணக்கில் எந்த நம்பர் பதிந்திருக்கிறது, அது எந்த வகைக் கணக்கு என்ற இரண்டில்தான் இருக்கிறது. அதைச் சரி செய்யாமல் ஆப்பைத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

முதலில் கணக்கு. வெளிநாட்டு நம்பரில் யூபிஐ என்பது வெளிநாட்டில் வாழும் இந்தியருக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளுக்குத்தான். ஊரில் இருந்தபோது திறந்த சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அதில் +65 நம்பரைச் சேர்க்க முடியாது. உண்மையில், வெளிநாட்டில் வேலைக்குச் சென்று என்ஆர்ஐ ஆன பிறகு அந்தக் கணக்கைச் சாதாரணக் கணக்காக வைத்திருப்பதே அந்நியச் செலாவணிச் சட்டமான பெமா விதிப்படி தவறு, என்ஆர்ஓவாக மாற்றச் சொல்ல வேண்டும். நான் பல வருடம் வாயைத் திறக்காமல் இருந்தேன், கேட்டால் என்ன ஆகுமோ என்ற பயம். கடைசியில் கேட்டபோது கிளையில் யாரும் திட்டவில்லை, படிவத்தை நீட்டினார்கள், அவ்வளவுதான். பாஸ்போர்ட், வேலை பாஸ், சிங்கப்பூர் முகவரிச் சான்று, பான் கார்டு நகல். அந்தப் படிவத்திலேயே தொடர்பு எண் என்ற இடத்தில் என் சிங்கப்பூர் நம்பரை எழுதினேன்.

இங்கேதான் என் கதை மாட்டியது. பத்து நாள் கழித்து ஆப்பைத் திறந்தேன். என் சிம்மைத் தேர்ந்தெடுத்தேன், எஸ்எம்எஸ் போனது, நம்பர் சரிபார்க்கப்பட்டது, வங்கியின் பெயரைத் தட்டினேன், "இந்த எண்ணில் கணக்கு எதுவும் இல்லை" என்று வந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வங்கிக்கு இரண்டு முறை போன் செய்த பிறகு, மூன்றாவது முறை பேசிய அம்மாள் பொறுமையாகப் பார்த்துச் சொன்னார்: பதிவில் எட்டு இலக்கம் மட்டும்தான் இருக்கிறது, முன்னால் நாட்டுக் குறியீடு இல்லை. எழுதியது நான் சரியாகத்தான், +65 போட்டுத்தான் எழுதினேன், கணினியில் ஏற்றியவர் விட்டுவிட்டார். திருத்த ஒரு கடிதம், கையெழுத்து, பாஸ்போர்ட் நகல், இன்னும் ஒரு வாரம். வங்கிப் பெயர் வேண்டாம், எந்த வங்கியிலும் நடக்கக்கூடியதுதான்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கே சிக்கல் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. ஆப்பு முதலில் உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும், இந்தப் போனில் இந்த சிம்தான் இருக்கிறது என்று உறுதி செய்ய. அந்தப் படியிலேயே சுற்றிக்கொண்டே நின்றால் கோளாறு உங்கள் பக்கம்: சிம்மில் காசு இல்லை, அல்லது உங்கள் திட்டத்தில் வெளிநாட்டு எஸ்எம்எஸ் அடைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது இரண்டு சிம் போனில் வேறு சிம்மிலிருந்து அனுப்பிவிட்டது. அந்த எஸ்எம்எஸ் இந்திய எண்ணுக்குப் போகிறது, எனவே வெளிநாட்டு எஸ்எம்எஸ் கட்டணம் பிடிக்கும், வைஃபை மட்டும் இருந்தால் போதாது. ஐபோனில் அந்த எஸ்எம்எஸ் தானாகப் போகாது, ஏதோ புரியாத எழுத்துகளுடன் ஒரு பெட்டி திறக்கும், அதில் ஒரு எழுத்தையும் தொடாமல் அனுப்பு என்று தட்ட வேண்டும். மாறாக எஸ்எம்எஸ் படி தாண்டி, வங்கியைத் தேர்ந்தெடுத்த பிறகு கணக்கு இல்லை என்று வந்தால், கோளாறு வங்கிப் பக்கம்: நம்பர் பதியவில்லை, தப்பாகப் பதிந்திருக்கிறது, அல்லது அந்த வங்கி வெளிநாட்டு நம்பர் வசதியை இன்னும் திறக்கவில்லை. எல்லா வங்கியும் திறந்துவிடவில்லை, எனவே படிவம் நிரப்பும் முன்னாலேயே "என் நாட்டு நம்பரில் என்ஆர்ஓ கணக்குக்கு யூபிஐ உண்டா" என்று கேட்டுவிடுங்கள். ஆப்பிலும் அப்படித்தான், பீம், போன்பே, பேடிஎம் மூன்றிலும் வசதி உண்டு, ஆனால் உங்கள் வங்கியும் அந்தப் பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

கணக்கு தெரிந்துவிட்டால் அடுத்தது யூபிஐ பின் எண். டெபிட் கார்டின் கடைசி ஆறு எண், காலாவதி மாதம் வருடம், பிறகு ஒரு ஓடிபி. ஆதார் ஓடிபி வழியாகவும் பின் போடலாம் என்று திரையில் காட்டும், அதை நம்ப வேண்டாம், வெளிநாட்டு நம்பருக்கு ஆதார் எஸ்எம்எஸ் வராது. ஆகவே கணக்கை மாற்றும்போதே புது டெபிட் கார்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள், பழைய கார்டு செல்லாமல் போயிருக்கலாம். சிங்கப்பூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இங்கே 2023 ஜனவரி முடிவிலிருந்து, பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ் எல்லாம் Likely-SCAM என்ற தலைப்பில் போய் விழுகிறது. என் ஓடிபி அங்கேதான் கிடந்தது, நான் வரவில்லை வரவில்லை என்று மூன்று முறை மறுபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அதே குப்பையில் உண்மையான மோசடிச் செய்தியும் இருக்கும், எனவே நீங்களே கேட்டு அந்த நிமிடம் வந்த எண்ணை மட்டும் எடுங்கள், லிங்க் எதையும் தொடாதீர்கள்.

இதையெல்லாம் கிளம்புவதற்குக் குறைந்தது ஒரு வாரம் முன்னால் வீட்டில் உட்கார்ந்து முடிக்க வேண்டும். திருச்சியில் இறங்கிய பிறகு செய்தால் அந்த எஸ்எம்எஸ் ரோமிங்கில் போகும், அது போகவே போகாத சிம்மும் உண்டு. இன்னொரு காரணமும் இருக்கிறது. புதிதாகப் பதிந்த முதல் 24 மணி நேரத்தில் பொதுவாக 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. அதன் பிறகு வழக்கமான ஒரு லட்சம், ஆனால் வங்கி தன் பங்குக்குக் குறைத்தும் வைக்கலாம். எனக்குத் தெரிந்த ஒருவர் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தவருக்கு 18,000 கொடுக்க வேண்டும் என்று வந்த அன்றே பதிந்துவிட்டுத் திண்டாடினார். ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு பணம் போவது இணையத்தில்தான், ஊரில் உள்ளூர் டேட்டா சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் சிங்கப்பூர் சிம்மைக் கழற்றாதீர்கள். கழற்றினால் ஆப்பு மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பிக்கும்.

என்ஆர்இ, என்ஆர்ஓ இரண்டும் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என்ஆர்இ கணக்கு நாம் வெளிநாட்டில் சம்பாதித்துக் கொண்டுவரும் பணத்துக்கு. அதிலிருந்து யூபிஐயில் செலவு செய்யலாம், அம்மாவுக்கு அனுப்பலாம், கல்யாண வீட்டு மொய் எழுதலாம், அதில் ஒரு பிரச்னையும் இல்லை. ஆனால் ஊரில் யாரோ கொடுக்கும் ரூபாய் யூபிஐ வழியாக அதற்குள் வரக்கூடாது. யூபிஐயில் வரும் வீட்டு வாடகை, நண்பன் திருப்பிக் கொடுக்கும் கைமாற்று எல்லாம் என்ஆர்ஓவுக்குத்தான். ஆகவே ஆப்பில் பணம் வாங்குவதற்கான முதன்மைக் கணக்காக என்ஆர்ஓவை வையுங்கள். பலர் இதைப் பார்க்காமல் என்ஆர்இயை வைத்துவிட்டு, வாடகைக்காரர் அனுப்பியது திரும்பிவிட்டதே என்று அவரிடம் சண்டை போடுகிறார்கள்.

"இவ்வளவு பாடு எதற்கு, இந்திய சிம்மையே ரோமிங்கில் வைத்துக்கொள்ளலாமே" என்று என் அறைத் தோழர் கேட்டார். வைத்துக்கொள்ளலாம், குவைத்தில் இருப்பவருக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் அப்படி வைத்திருப்பவர் ரீசார்ஜை ஒருபோதும் தவறவிடக்கூடாது. கைமாறிய நம்பர்களைக் களையெடுக்கச் சொல்லி வங்கிகளுக்கும் ஆப்புகளுக்கும் என்பிசிஐ 2025-இல் கெடு வைத்ததே எதனால்? பழைய நம்பர் புது ஆளிடம் போய், பழைய ஆளின் கணக்கு மட்டும் அதிலேயே தொங்கிக்கொண்டிருப்பதால்தான். எனக்கு மாதாமாதம் ஞாபகம் வைக்கும் பழக்கம் இல்லை, அதனால் எப்படியும் தினமும் கையில் இருக்கப் போகும் நம்பரிலேயே வைத்துவிட்டேன். ஒரு குறை உண்டு, வேலை முடிந்து ஊர் திரும்பும்போதோ துபாய்க்கு மாறும்போதோ இந்த நம்பரை ரத்து செய்வதற்கு முன்னால் வங்கியில் மாற்றியாக வேண்டும், பிறகு மாற்றுவது நரகம்.

போன மாதம் ஊரில் ஒரு கல்யாணம். மொய் எழுதுகிற மேசையில் கியூஆர் அட்டை வைத்திருந்தார்கள், 2,001 போட்டேன், எழுதுகிறவர் என் பெயரைத் திரையில் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். தம்பி பக்கத்தில் நின்று போனை எடுத்துப் பார்த்தான். "எனக்கு மெசேஜ் வரலையே அண்ணே" என்றான்.

உங்கள் நாட்டில், உங்கள் வங்கியில் எந்தப் படியில் நின்றது என்று கீழே எழுதுங்கள். கணக்கு எண், போன் நம்பர் எதையும் போட வேண்டாம்.