வேலை இல்லை என்று உண்மையைச் சொன்னவர்மேல் ஏன் இத்தனை கோபம்?

டேட்டிங் ஆப்பில் ஒரு பெண்ணும் ஒரு ஆணும் பேசிய சாட்டின் அந்த ஸ்கிரீன்ஷாட்டை ஆளாளுக்கு எனக்கு அனுப்பிவிட்டீர்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம், பார்த்துவிட்டேன். கீழே இருந்த கமெண்டுகளையும் படித்தேன். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்கிறார். "இப்போது வேலையில் இல்லை, அடுத்ததைத் தேடிக்கொண்டிருக்கிறேன்" என்கிறார் அவர். நடந்தது அவ்வளவுதான். அதற்கு இத்தனை சிரிப்பு. "வேலை வெட்டி இல்லாதவனுக்கு டேட்டிங் ஒரு கேடா" என்று எழுதியவருக்குக் குவிந்த லைக்குகளில் எனக்குத் தெரிந்தவர்களின் பெயர்களும் இருந்தன. அதுதான் இதை எழுத வைத்தது.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. கேள்வி வந்த அன்றைக்கே உண்மையைச் சொன்ன ஒருவரைத்தான் நீங்கள் கூடி நின்று அடித்திருக்கிறீர்கள்.

"அதை பயோவிலேயே போட்டிருக்க வேண்டியதுதானே, ஏன் மறைத்தார்?" என்று கேட்கிறீர்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. ப்ரொஃபைலில் வேலை என்ற கட்டத்தை நிரப்பியே ஆக வேண்டும் என்று டிண்டரிலும் சட்டமில்லை, ஹிஞ்சிலும் சட்டமில்லை. காலியாக விட்ட கட்டம் பொய்யாகாது. பழைய நிறுவனத்தின் பெயரை அப்படியே விட்டுவைத்திருந்தால்தான் அது பொய். இந்த வித்தியாசம் புரியாமல்தான் பாதிப்பேர் பேசுகிறீர்கள்.

தொழிலை எழுதலாம், நிறுவனத்தை எழுதக் கூடாது. என்னைக் கேட்டால் அவ்வளவுதான் விதி. ஒரு கணக்காளர் இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருக்கும்போதும் கணக்காளர்தான். படித்த படிப்பும் பழகிய கையும் ராஜினாமாக் கடிதத்தோடு போய்விடுவதில்லை. ஆனால் "இன்ன நிறுவனத்தில் மேலாளர்" என்பது கடைசி வேலைநாளோடு பொய்யாகிவிடுகிறது. அதே மாதிரி, காசு கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருவராவது உண்மையிலேயே இருந்தால் "ஃப்ரீலான்ஸ்" என்று போடுங்கள். இல்லையென்றால் வேண்டாம். "யாருக்குச் செய்கிறீர்கள்?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும், அதற்கு இன்னொரு பொய் தேவைப்படும்.

வேலை போன கதையை பயோவில் எழுதச் சொல்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஹிஞ்சில் ஒரு கேள்விக்கான பதிலுக்கு 150 எழுத்துதான் இடம். அதற்குள் ஏன் போனது, எப்படிச் சமாளிக்கிறேன் என்றெல்லாம் சொல்ல முடியாது. புலம்பல் மாதிரிதான் தெரியும். தவிர, பயோவை மேட்ச் ஆனவர் மட்டும் படிப்பதில்லை, முன்பின் தெரியாத யார் வேண்டுமானாலும் படிப்பார்கள். வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், இதில் கொஞ்சம் பணம் போடுங்கள் என்று வலை விரிப்பவர்களுக்கு "வேலை தேடுகிறேன்" என்ற வரியைவிட வசதியான அடையாளம் வேண்டுமா? அந்த மாதிரி ஒருவர் என்னிடமும் வந்தார், மேட்ச் ஆன அன்றே பேச்சு முதலீட்டுக்குப் போய்விட்டது. வெட்டிவிட்டேன்.

ஆகவே பயோவில் அமைதியாக இருக்கலாம். ஆனால் நேரில் சந்திப்பதற்கு முன்பே, கேட்டாலும் கேட்காவிட்டாலும், சாட்டில் சொல்லிவிட வேண்டும். ஒருவர் தன் மாலை நேரத்தை ஒதுக்கி, கிளம்பி வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால், அவரால் எழுந்து போகவும் முடியாது, முகத்தில் எதையும் காட்டவும் முடியாது. அது நியாயமில்லை. இப்போது பாருங்கள், அந்த ஸ்கிரீன்ஷாட்டில் இருப்பவர் இதைத்தானே செய்தார்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் டீமையே கலைத்து அனுப்பிய சமயம். ஒருவரோடு நன்றாகப் பேச்சு போய்க்கொண்டிருந்தது, புத்தகம், பயணம் என்று. அவர் வேலையைப் பற்றிக் கேட்டார். நான் அனுப்பியது இதுதான்: "நான் டிசைனர். எங்கள் டீமை மூடிவிட்டார்கள், இப்போது அடுத்த வேலைக்கு இன்டர்வியூ போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் வேலை எப்படி, பிடித்திருக்கிறதா?" இதற்கு மேல் இதில் என்ன வேண்டும்? தொழில் இருக்கிறது, இப்போதைய நிலை இருக்கிறது, அவருக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. சேமிப்பு எவ்வளவு, யார் செய்த சதி, பழைய மேனேஜர் எப்படிப்பட்டவர் என்பதெல்லாம் முதல் வாரத்தில் பேசும் விஷயமே இல்லை.

அவர் பதில், "ஓ." அப்புறம் வரிசையாகக் கேள்விகள். உங்களை மட்டும் வேலையை விட்டு அனுப்பினார்களா, எல்லோரையுமா? வாடகை யார் கட்டுகிறார்கள்? எத்தனை மாதம் தாங்கும்? அன்று காலைதான் ஒரு இன்டர்வியூவில் இதே கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அங்கேயாவது தண்ணீர் கொடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னேன். மறுநாள் மேட்ச் காணாமல் போயிருந்தது.

"வேலையில் இருப்பவர்தான் எனக்கு வேண்டும் என்று நினைப்பது தப்பா?" தப்பே இல்லை. உங்கள் வாழ்க்கை, உங்கள் விருப்பம். "எனக்கு இது சரிவராது, நல்லபடியாக இருங்கள்" என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போகலாம். ஆளை விசாரித்துக் குடைவதும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஊருக்குக் காட்டுவதும் விருப்பத்தில் சேராது.

"வேலை இல்லை என்று ஆரம்பித்துக் கடைசியில் பணம் கேட்பார்கள்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இந்தப் பயம் நியாயமானது, இதை நான் தள்ளிவிடவில்லை. அப்படி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடையாளம் எது என்று சரியாகப் பாருங்கள். நேரில் சந்திக்க வராமல், வீடியோவிலும் முகம் காட்டாமல், அவசரம் என்று பணம் கேட்டால் அதுதான் அடையாளம். அந்த ஆட்களில் பலர் தங்களை வேலையில்லாதவர் என்று சொல்லிக்கொள்வதே இல்லை. வெளிநாட்டில் பெரிய உத்தியோகம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டில் பணம் என்ற பேச்சே எங்கும் இல்லை.

"பெண்ணான உனக்கு இது எளிது, ஆணுக்குத்தான் கஷ்டம்" என்பவர்களுக்கு: ஆணுக்குக் கூடுதல் கஷ்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். அதனால்தானே அவருக்காக எழுதுகிறேன்? எனக்கு எளிதாக இருந்ததா என்பதை மேலே படித்தீர்கள்.

இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன். சில முறை சந்தித்து, எனக்குப் பிடித்தும் போயிருந்தது. ப்ரொஃபைலில் நல்ல நிறுவனம், நல்ல பதவி. திங்கட்கிழமை மீட்டிங் பற்றியெல்லாம் அலுத்துக்கொள்வார். அங்கிருந்து அவர் எப்போதோ வெளியே வந்துவிட்டார் என்பது பொதுவான நண்பர் ஒருவர் மூலம் தெரிந்தது. கேட்டபோது, "சொன்னால் நீ பேசியே இருக்க மாட்டாய்" என்றார். நான் பேசியிருப்பேன். அவர் வேலையில் இல்லாதது எனக்குப் பொருட்டே இல்லை. நடக்காத மீட்டிங்குகளைப் பற்றி நான் அக்கறையாக விசாரித்தேனே, அதுதான் வலித்தது. ஆனால் அந்தப் பயத்தை அவருக்கு யார் கொடுத்தது? நேற்று லைக் போட்டவர்கள்தானே? உண்மையைச் சொன்னால் சிரிப்பீர்கள், பொய் சொன்னால் மோசடி என்பீர்கள். வேலை இல்லாத மாதங்களில் ஒரு மனிதர் யாரையும் விரும்பவே கூடாது என்றால், அதை நேராகச் சொல்லிவிடுங்கள்.

எனக்கு வேலை கிடைத்தபின் ப்ரொஃபைலில் தொழிலுக்குப் பக்கத்தில் எதையும் சேர்க்கவில்லை, லிங்க்ட்இன்னில் மட்டும் மாற்றினேன். "ஓ" என்றவர் அங்கே வந்து வாழ்த்துச் சொல்லி, ஒருநாள் காபி குடிக்கலாமா என்று கேட்டார். பதில் போடவில்லை. போட்டிருக்கலாமே, ஏன் மனதில் வைத்துக்கொள்கிறாய் என்று கமெண்டில் கேட்பீர்கள். வைத்துக்கொள்ளத்தான் செய்வேன்.