அம்மம்மாவின்ர விரலைக் குறை சொல்லாதீங்கோ

"மைக்கை அமத்திக் கதைக்கிறதுதானே, இதுகூடத் தெரியாதே உங்களுக்கு?" ரொறன்ரோவில இருந்து மாமா அம்மம்மாவைக் கேட்ட கேள்வி இது. அவ ஒண்டும் சொல்லேல்ல. போனைக் கட்டில்ல வச்சிட்டுக் குசினிக்குள்ள போயிட்டா. எனக்குத்தான் நெஞ்சு கொதிச்சுது.

மாமா, வாட்ஸ்அப்பில குரல் மெசேஜ் அனுப்புற அந்த மைக் பட்டன் என்னென்ன கேட்குது எண்டு ஒருக்கா யோசிச்சீங்களோ? விரலை எடுக்காமல் அமத்திப் பிடிக்கோணும். எடுத்தால் உடன அனுப்புப்படும். இடப்பக்கம் இழுபட்டால் அவ்வளவும் அழிஞ்சிடும். அம்மம்மாவுக்கு 78 வயசு, கை நடுங்கும். மைக் இருக்கிறது திரையின்ர வலது கீழ் மூலையில. வலது கையால போனைப் பிடிச்சால் பெருவிரல் தன்ர பாட்டில உள்ளுக்கு, இடப்பக்கம்தான் வளையும். அவ ஒரு நிமிசம் கதைச்சது அப்பிடித்தான் காணாமல் போச்சுது. யோசிக்கிறதுக்குக் கொஞ்சம் நிப்பாட்டினால் விரலும் தளரும், அரைவாசி வசனம் உங்களிட்ட வரும். அதைக் கேட்டிட்டு "விளங்கேல்ல" எண்டு ஒரு வரி எழுதி அனுப்புறீங்கள்.

நாலு நாளா திருகோணமலை உப்புவெளி வீட்டு விறாந்தையில இருந்து பழக்கினன். மேசையில போனை வைக்கச் சொன்னன். மைக்கை அமத்தி, விரலை எடுக்காமல் மேல தள்ளினால் பூட்டுப்படம் விழும். பிறகு கையை எடுத்திட்டு ஆறுதலாக் கதைக்கலாம், இருமலாம், யோசிக்கலாம். முடிய அம்புக்குறியை ஒருக்காத் தொட்டால் சரி. மிளகாய் இடிச்சு, தேங்காய் துருவிக் காய்ச்சுப்போன விரலைச் சில நேரம் திரை கண்டுபிடிக்காது. ஈரத்துணியில லேசா ஒற்றிப்போட்டுத் தொட்டால் பிடிக்குது. மூண்டாம் நாள் பின்னேரம் முழு மெசேஜ் ஒண்டு போச்சுது. அதை நீங்கள் இன்னும் கேட்கவே இல்லை!

வீடியோ கோல் இன்னொரு கொடுமை. போன் பூட்டிக் கிடந்தால் மேல தள்ளி எடுக்கோணும். திறந்து கிடந்தால் உச்சியில சின்னப் பட்டியொண்டு வரும், அதில தொட்டு எடுக்கோணும். ஒரே கோல், இரண்டு விதம். எடுக்கிற ஆளின்ர கெட்டித்தனத்தைப் பற்றி ஏன் கதைக்கிறீங்கள்? இப்ப ஒவ்வொரு முறையும் போனைப் பூட்டித்தான் வைக்கச் சொல்லியிருக்கிறன், அப்பத்தான் அவவுக்கு ஒரு பழக்கம் போதும்.

நீங்கள் இரவு 8 மணிக்குச் சாப்பிட்டு முடிச்சிட்டுக் கூப்பிட்டால், இந்தக் கோடையில இங்க விடிய 5.30. அவ விளக்கு வைக்கிற நேரம். அவசரத்தில ஓடிவந்து எடுத்துக் காதில வைக்கிறா, ஐம்பது வருசமா ரெலிபோனைக் காதிலதானே வச்சவ. உங்களுக்குக் காது மட்டும் தெரியுது எண்டு சிரிச்சுப்போட்டுக் கட் பண்ணுறீங்கள். கட் பண்ணாதீங்கோ மாமா. "அம்மா, போனை முகத்துக்கு நேர பிடியுங்கோ" எண்டு சொல்லிப்போட்டு ஒரு பத்து செக்கன் பொறுங்கோ. அவ பிடிப்பா.