ஹாரி பாட்டர்: பத்து வயதுப் பிள்ளைக்கு எத்தனையாவது படம் வரை?

மந்திரக்கோலும் பறக்கிற துடைப்பமும் வந்துவிட்டால் அது சின்னப் பிள்ளைகள் படம் என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். மேலூரில் இருக்கும் எங்கள் அண்ணனும் அந்தக் கட்சிதான். காலாண்டு லீவுக்குப் போன என் மகளிடம், "எட்டுப் படத்தையும் வரிசையாப் போட்டுப் பார்த்துட்டுத்தான் மதுரைக்குப் போகணும்" என்று சொல்லிவிட்டார். அவளுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. வகுப்பில் பாதிப் பேர் முழுசாகப் பார்த்தாச்சாம், அந்த ஏக்கம் வேறு. "முதல் மூணைப் பாரு, நாலாவதுக்கு நானும் உட்காரணும், அதுக்கு மேல இப்ப வேணாம்" என்றேன் நான். "ஏத்தா, மாயாஜாலப் படத்துக்கெல்லாமா கணக்குப் போடுவ?" என்றார் அண்ணன்.

போடுவேன். எப்படிப் போட்டேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் படம் ஆரம்பிக்கும்போது மூலையில் சில நொடிகள் வந்து போகிற எழுத்தைப் பார்ப்போம். U, U/A 7+, U/A 13+, U/A 16+, A. 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஓடிடியில் வரும் எல்லாவற்றுக்கும் இதில் ஒன்றைப் போட வேண்டும். கூடவே வன்முறையா, பயமா, கெட்ட வார்த்தையா என்று ஒரு குறிப்பும் தொடக்கத்திலேயே காட்ட வேண்டும். தியேட்டர் படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்று தருகிற மாதிரி இதற்குத் தனி வாரியம் எதுவும் இல்லை. விதிகளில் சொன்ன அளவுகோலை வைத்து அந்தந்த ஓடிடி நிறுவனமே முத்திரை குத்திக்கொள்கிறது. தியேட்டர் பக்கமும் பழைய ஒற்றை UA-வை 2023 சட்டத் திருத்தத்தில் இதே மாதிரி 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள்.

பத்து வயதுப் பிள்ளை வைத்திருப்பவருக்கு இதில் சிக்கல் எங்கே என்றால், பத்து என்பது ஏழுக்கும் பதிமூன்றுக்கும் நட்ட நடுவில் இருக்கிறது. 7+-ஐ அவள் தாண்டிவிட்டாள், 13+ அவளுக்கு முன்னால் நிற்கிறது. 13+ என்றால் பார்க்கவே கூடாது என்று அர்த்தமும் கிடையாது. அதற்குக் கீழே உள்ள பிள்ளைகள் பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்றுதான் விதி சொல்கிறது. ஆக, எண் முடிவை நம் தலையிலேயே கட்டிவிடுகிறது. அந்த முடிவை எடுக்க உதவுவது எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த ஒரு வரிக் குறிப்பு. நாமோ அது ஓடும்போது முறுக்கு டப்பாவைத் தேடிக்கொண்டிருப்போம்.

இந்தத் தொடருக்கு ஒரு வசதி உண்டு. வெளிநாட்டு வாரியங்கள் ஒவ்வொரு படத்துக்கும் என்ன காரணம் சொல்லின என்பதை வீட்டிலிருந்தே படித்துவிடலாம். அமெரிக்கத் தரவரிசைக்கு filmratings.com, பிரிட்டனுக்கு bbfc.co.uk. படத்தின் பெயரைத் தட்டினால் போதும். அமெரிக்கக்காரர்கள் ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். எட்டையும் ஒரு நோட்டில் வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதல் படம் 2001. PG, அதாவது பெற்றோர் வழிகாட்டுதல் தேவை. காரணம்: சில பயமூட்டும் தருணங்கள், லேசான கெட்ட வார்த்தை. இரண்டாவது 2002. அதுவும் PG. ஆனால் 'சில' என்பது போய்விட்டது: பயமூட்டும் தருணங்கள், ஓரளவு ஜந்துக்களின் வன்முறை. மூன்றாவது 2004. மறுபடியும் PG. இப்போது ஜந்துக்களின் வன்முறைக்கு முன்னால் இருந்த 'ஓரளவு'ம் காணோம், பயத்துக்கும் இன்னும் கனமான சொல்லைப் போட்டிருக்கிறார்கள். மூன்று படத்துக்கும் முத்திரை ஒன்றுதான், உள்ளே சரக்கு ஏறிக்கொண்டே போகிறது. நான்காவது 2005. முதல் தடவையாக PG-13, அதாவது பதிமூன்றுக்குக் கீழே உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு இன்னும் கடுமையான எச்சரிக்கை: மாயாஜால வன்முறைக் காட்சிகள், அச்சமூட்டும் உருவங்கள். 2007-இல் வந்த ஐந்தாவதுக்கும் அதே வரிதான்.

இங்கேதான் நோட்டை எட்டிப் பார்த்த அண்ணன் பிடித்துக்கொண்டார். "ஆறாவது மறுபடியும் PG-னுல்ல போட்டிருக்கான்! அப்ப நாலையும் அஞ்சையும் விட்டுட்டு ஆறைப் போட்டுர வேண்டியதுதான?" உண்மைதான். 2009-இல் வந்த ஆறாவதுக்கு அமெரிக்காவில் PG. அதே படத்துக்குப் பிரிட்டனில் 12A, அதாவது பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பெரியவர் துணையோடுதான் தியேட்டருக்குள் போகலாம். ஒரே படம், ஒரே காட்சிகள், இரண்டு முடிவு. நான்காவதில் இருந்து எட்டாவது வரை எதற்குமே 12A-வை விட்டு பிரிட்டன்காரர்கள் இறங்கவில்லை.

யார் சொல்வது சரி என்று அவர்களுக்குள் பஞ்சாயத்து வைப்பது நம் வேலை இல்லை. படத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் போதும். அமெரிக்கக் குறிப்பு பயமூட்டும் உருவங்கள், ஓரளவு வன்முறை, கெட்ட வார்த்தை, லேசான காதல் நெருக்கம் என்கிறது. காதல் நெருக்கம் வந்தால் என் மகள் "ச்சீ" என்று தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போய்விடுவாள். அது ஒரு பிரச்சினையே இல்லை. ஆனால் அந்தப் படத்தில் சாபம் பட்ட ஒரு மாணவி கத்தியபடி அந்தரத்தில் தூக்கி எறியப்படுகிறாள். இருட்டுக் குகையில், ஏரித் தண்ணீருக்குள்ளிருந்து பிணங்கள் எழுந்து வந்து பையனை உள்ளே இழுக்கின்றன. கடைசியில், தாத்தா மாதிரி பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்த தலைமையாசிரியர் கொல்லப்பட்டுக் கோபுரத்திலிருந்து விழுகிறார். முத்திரை நான்காவதைவிட லேசு. என் பிள்ளைக்கு இதுதான் கனம்.

ஏன் என் பிள்ளைக்கு என்று சொல்கிறேன் என்றால், அவளுக்குப் பாம்பும் எட்டுக்கால் பூச்சியும் பயமில்லை. கண்மாயில் தண்ணீர்ப் பாம்பு போனால் பின்னாலேயே போகிறவள். இரண்டாவது படத்தில் ராட்சச எட்டுக்கால் பூச்சியும் பாம்பும் வருகிற இடத்தில் அண்ணன் மகன் போர்வைக்குள் போய்விட்டான், இவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் போன வருடம் அவள் தாத்தா தவறிய பிறகு, வீட்டில் யாராவது அசந்து தூங்கினால் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்க்கிற பழக்கம் வந்திருக்கிறது. அவளுக்கு நான் குறிப்பில் தேடுவது ஜந்துக்களை அல்ல, சாவை. அது அந்த ஒற்றை வரியில் எங்குமே இல்லை.

நான்காவது படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 'மாயாஜால வன்முறை, அச்சமூட்டும் உருவங்கள்' என்பதை வைத்து என்ன புரியும்? டிராகன் வரும் என்று நினைப்போம். வரத்தான் செய்கிறது. ஆனால் கனமான இடம் கடைசி அரை மணி நேரம். இடுகாட்டில் ஒரு மாணவன், எந்தச் சண்டையும் போடாமல், ஒரு நொடியில் கொல்லப்படுகிறான். ஒருவன் தன் கையைத் தானே வெட்டிக்கொள்கிறான். ஹாரி அந்தப் பிணத்தோடு பள்ளி மைதானத்துக்குத் திரும்பி வந்து விழும்போது, ஜெயித்துவிட்டான் என்று கூட்டம் கைதட்டுகிறது, பேண்டு வாத்தியம் முழங்குகிறது. பிறகுதான் ஒவ்வொருவராகப் புரிந்துகொள்கிறார்கள். பையனின் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து கதறுகிறார். ரத்தத்தை அளக்கிற கண்ணுக்கு இது பெரிய காட்சி இல்லை. ஒரு சாவு வீட்டை அண்மையில் பார்த்த பிள்ளைக்கு அப்படி இல்லை.

அதனால் நான் செய்தது, அந்தக் கடைசி அரை மணியை மட்டும் முந்தைய நாள் ராத்திரி தனியாகப் பார்த்தேன். பிரிட்டன் வாரியத்தின் பக்கத்தில் சில படங்களுக்குக் காட்சிகளையே விவரித்து எழுதியிருப்பார்கள். அது கிடைத்தால் அதுவும் உதவும், ஆனால் கதை உடையும், பிள்ளை எட்டிப் பார்க்காமல் படியுங்கள். மறுநாள் மகளிடம், "இதுல ஒரு நல்ல பையன் செத்துப்போவான், அவங்க அப்பா அழுவாரு, பார்க்கிறியா?" என்று முன்கூட்டியே கேட்டேன். கதையைச் சொல்லிக் கெடுத்துவிட்டேன் என்று அண்ணன் மகனுக்கு என் மேல் இன்னும் கோபம். கெடட்டும். பத்து வயதில் திடுக்கிடல் ஒன்றும் உரிமை கிடையாது. பார்க்கிறேன் என்றாள். அந்த இடம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவங்க அம்மாவுக்கு யாரு போய்ச் சொல்வா?" என்று மட்டும் கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டுப் பேசினோம். அதற்குப் பிறகு, ஐந்தாவதும் ஆறாவதும் இப்போது வேண்டாம் என்ற என் முடிவு உறுதியாகிவிட்டது. ஐந்தாவதிலும் ஹாரிக்கு நெருங்கிய ஒருவர் சாகிறார்.

"பாண்டி கோயில்ல கிடா வெட்டுனப்ப பக்கத்துலதான நின்னா, அதுக்கு என்ன சர்ட்டிபிகேட்டு வாங்குன?" என்றும் அண்ணன் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால்தான் ரத்தத்தைப் பற்றி நான் அலட்டிக்கொள்ளவே இல்லை. எங்கள் வீட்டில் அப்பத்தா சொல்லாத பேய்க் கதையா? ஆனால் பிள்ளையின் முகம் மாறினால் அப்பத்தா பேயை அந்த வேப்ப மரத்தோடு நிறுத்திவிட்டு, "சரி, அப்புறம் விடிஞ்சிருச்சு" என்று கதையை முடித்துவிடும். டிவிக்கு அந்த முகம் தெரியாது.

டிவி என்றதும் ஒன்று. நான்காவது படம் முடிந்து எழுத்து ஓடும்போதே ஓரத்தில் அடுத்த படம் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது. பெரும்பாலான ஓடிடிகளில் இந்தத் தானியங்கி ஓட்டத்தை அமைப்புகளுக்குள் போய் அணைக்கலாம். 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பூட்டு வசதி தர வேண்டும் என்று அதே 2021 விதிகள் சொல்கின்றன, 7+-க்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே பெற்றோர் பூட்டை 13+-இல் போட்டுவிட்டால் எல்லாம் அடைபட்டது என்று இருக்க வேண்டாம். அந்த நிறுவனம் ஆறாவது படத்துக்கு 7+ கொடுத்திருந்தால் அது பூட்டுக்கு வெளியே நிற்கும். சில ஓடிடிகளில் படத்தின் பெயரைக் கொடுத்து அதை மட்டும் மறைக்கலாம். அந்த வசதி இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

அண்ணன் வீட்டு டிவியில் பூட்டு ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. நாலு இலக்க எண், அவர் பைக் நம்பர். தெருவில் உள்ள எல்லாப் பொடிசுகளுக்கும் அது மனப்பாடம். மாற்றிவிட்டேன். புது எண்ணை அண்ணியிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.