பெண்டிங்னா பணம் வந்துருச்சுன்னு அர்த்தமில்ல சார்

அந்த வீடியோவை எனக்கே இதுவரைக்கும் பதினாலு பேர் அனுப்பிட்டீங்க. போதும். "சாப்பிட வந்த குடும்பத்தைச் சிறை வைத்த பரோட்டா கடைக்காரர்"னு தலைப்பு வேற. எந்த ஜெயில்ல ஃபேனைத் திருப்பி வெச்சு, குழந்தைக்குப் பால் ஆத்திக் கொடுக்கிறாங்க?

ஞாயித்துக்கிழமை ஏழேகால் மணி. கல்லு நிறைய பரோட்டா, வாசல்ல பார்சலுக்குப் பத்துப் பேர். திடீர்னு சவுண்ட் பாக்ஸ் அடங்கிருச்சு. நிமிஷத்துக்கு ரெண்டு தடவை கத்துற பெட்டி அது. முதல்ல அதோட சிம்தான் படுத்துருச்சுன்னு நினைச்சேன். கடை ஆப்பைத் திறந்து பார்த்தா கடைசி வரவு 7.11. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல. பக்கத்து மெடிக்கல்லயும் அதே கதை. ஆக, பெட்டி மேல தப்பில்ல, யூ.பி.ஐ.தான் படுத்துருக்கு.

அந்த நேரத்துலதான் வெள்ளைக் கார்ல வந்த ஆறு பேர் எழுந்தாங்க. பில் 1,140. சார் ஃபோன்ல "பெண்டிங்". பணம் எடுத்தாச்சுன்னு பேங்க்லேர்ந்து எஸ்.எம்.எஸ்.ஸும் வந்துருச்சு. "எனக்குப் போயிருச்சு, உங்களுக்கு வந்துரும்"னார். "பத்து நிமிஷம் உக்காருங்க சார், இல்லேன்னா ஃபோன் நம்பர் எழுதிட்டுக் கிளம்புங்க"ன்னேன். இவ்வளவுதான் நடந்தது. அந்த ரெண்டாவது பாதி வீடியோல ஏனோ இல்ல.

உங்க கணக்குலேர்ந்து போறது வேற, என் கணக்குல விழுறது வேற. நீங்க ஸ்கேன் பண்ணினா, நடுவுல இருக்கிற ஸ்விட்ச் முதல்ல உங்க பேங்க்ல எடுக்கச் சொல்லும், அப்புறம் என் பேங்க்ல போடச் சொல்லும். எடுத்ததுக்கும் போடுறதுக்கும் நடுவுல அறுந்தா பணம் அந்தரத்துல நிக்கும். கடைக்குக் கட்டினது உறுதியாகலேன்னா அஞ்சு நாளுக்குள்ள தானா திருப்பணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபா சேர்த்துக் கொடுக்கணும்னு ரிசர்வ் வங்கி 2019லயே சொல்லியாச்சு. யாருக்குத் திருப்பணும்? உங்களுக்கு. எனக்கில்ல சார், உங்களுக்கு! பரோட்டாவும் உங்க வயித்துல, பணமும் உங்க கணக்குல.

"அவர்தான் அந்தப் பேமென்ட்டோட 12 இலக்க நம்பர் காட்டினாரே"ன்னு ஒரு நண்பர். ஃபெயிலான பேமென்ட்டுக்கும் அந்த நம்பர் விழும் நண்பா. விசாரிக்கத்தான் அது உதவும், பணம் வந்ததுக்குச் சாட்சி ஆகாது.

"இன்னொரு தடவை அடிக்கச் சொல்லியிருக்கலாமே?" சொல்லியிருக்கலாம். ரெண்டு தடவை எடுத்துட்டா அதுக்கு ஒரு வீடியோ வந்திருக்கும். 2025 ஏப்ரல் 12ம் தேதி நாடு முழுக்கப் படுத்துச்சே, ஞாபகம் இருக்கா? பேங்குகள் "அந்தப் பேமென்ட் என்னாச்சு, என்னாச்சு"ன்னு மறுபடி மறுபடி கேட்ட கேள்வியே நெரிசலாகி அடைச்சிருச்சுன்னுதான் பின்னாடி காரணம் சொன்னாங்க. நாப்பது பேர் சுத்தி நின்னு "ரெடியா, ரெடியா"ன்னா மாஸ்டர் பரோட்டா அடிப்பாரா, பதில் சொல்லுவாரா?

"ரொக்கம் வாங்க வேண்டியதுதானே?" யார்கிட்ட? பர்ஸ் வெச்சிருந்த அஞ்சாறு பேரும் எடுத்தது 500 ரூபா நோட்டு. கல்லாவுல சில்லறை மொத்தமே 640 ரூபா. முன்னெல்லாம் காலையிலயே ரெண்டாயிரத்துக்குப் பத்தும் இருபதுமா மாத்தி வைப்பேன். எல்லாரும் ஸ்கேன் பண்றீங்களேன்னு விட்டுட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கிறேன். இப்ப மறுபடி மாத்தி வைக்கிறேன். வரி ஏய்க்கத்தான் ரொக்கம் கேக்குறான்னு எழுதின மேதைக்கு என்கிட்ட பதில் இல்ல.

மனுசனை நம்பத் தெரியாதவன்னு ஒருத்தர் எழுதினதுதான் ராத்திரி தூங்க விடல. எங்கப்பா மில்லுக்காரங்களுக்கு மாசக் கணக்குல சோறு போட்டவர். மில்லு மூடினப்ப கடன் நோட்டுல பாதிக் கணக்கு அடிக்காமலே கிடந்துச்சு. அவர் யாரு வீட்டு வாசல்லயும் போய் நின்னதில்ல. அந்தாளு மகன்தான் நான். அன்னிக்கு ராத்திரியும் அதே மாதிரி ஒரு நோட்டைத்தான் எடுத்தேன். 31 பேர், மொத்தம் 7,860 ரூபா. அதுல முப்பது பேர் பேரும் நம்பரும் எழுதிட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாங்க. அவங்க யாரையும் உக்கார வெக்கல. வெள்ளைக் கார் சார் மட்டும் நம்பர் தர மாட்டேன்னார். அதான் உக்காரச் சொன்னேன். கடைசியில தராமலேதான் போனார், நானும் விட்டுட்டேன். சிறை வெச்சவன் இப்படித்தான் விடுவானா?

அஞ்சு நாள்ல 24 பேர் வந்து 5,930 கட்டிட்டாங்க. காலேஜ் பையன் ஒருத்தன், "அண்ணே, பணம் திரும்பி வந்துருச்சுண்ணே"ன்னு 70 ரூபாயை ஏழு பத்து ரூபா காயினா வெச்சான். காய்கறிக்காரர் அதை வாங்க மாட்டார், அது தனிப் பஞ்சாயத்து. நான் வாங்கிக்கிட்டேன்.

பாக்கி ஏழு வரி. அதுல ஒண்ணு: "வெள்ளைக் கார், ஆறு பேர், 1,140." அஞ்சு நாளும் தாண்டியாச்சு, உங்க பணம் உங்ககிட்டயே வந்திருக்கும் சார். வந்து குடுத்துட்டு, வேணும்னா இன்னொரு வீடியோவும் எடுத்துக்கோங்க. ஏழு மணிக்கு முன்னாடி வந்தா கூட்டம் இருக்காது.