கருவளையத்தைப் பாதியில் நிறுத்துங்கள்

குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று சித்தி மகள் ஒரு செல்ஃபி அனுப்பினாள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, தலைக்கு நேர் மேலே டியூப்லைட். "அண்ணா, கண்ணுக்குக் கீழ மட்டும் சரிபண்ணிக் குடு, பேயறைஞ்ச மாதிரி இருக்கேன்." அவளே ஏதோ ஒரு ஆப்பின் பியூட்டி மோடில் போட்டுப் பார்த்த படமும் கூடவே வந்தது. அதில் கருவளையமும் இல்லை, அவளும் இல்லை. முகம் பூரி மாவு தேய்த்த மாதிரி இருந்தது.

கருவளையம் என்று நாம் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒன்று நிறம்: மெல்லிய தோலுக்கு அடியில் தெரியும் ரத்த நாளத்தின் நீலம், தோலின் கருமை. இன்னொன்று நிழல்: கண்ணோரத்திலிருந்து கன்னத்துக்கு இறங்கும் பள்ளத்தில் மேல்வெளிச்சம் விழாததால் வருவது. நிறத்தைத் திருத்தலாம். நிழலை முழுக்க எடுத்தால் கண் குழியில் உட்கார்ந்திருப்பதே தெரியாமல் போய், முகம் தட்டையாகிவிடும்.

நான் செய்தது Snapseed என்ற ஃபோட்டோ எடிட்டிங் ஆப்பில், Brush என்ற கருவியில். முதலில் வெளிச்சத்தைத் தொடவே இல்லை. நம் மாநிறத் தோலில் நீலம் பாய்ந்த இடத்தை அப்படியே வெளுத்தால் விபூதி பூசின மாதிரி சாம்பலடிக்கும். (கல்யாண மேக்கப்பில் கன்சீலருக்கு முன்னால் ஆரஞ்சு கரெக்டர் தடவுவதும் இதற்காகத்தான்.) அதனால் நீலத்தை மஞ்சள் பக்கம் தள்ளும் Temperature-ஐ +5 வைத்து, கருத்த பிறை மேல் மட்டும் ஒரு இழுப்பு. அதிலேயே பாதிச் சோர்வு போய்விட்டது. பிறகுதான் வெளிச்சம் கூட்டும் Dodge & Burn, அதுவும் +5 தான். +10 பக்கம் போகவில்லை.

இந்தக் கருவியில் பிரஷ் அளவுக்குத் தனி பட்டன் கிடையாது. படத்தை விரலால் பெரிதாக்கினால் பிரஷ் சிறிதாகும். பெரிதாக்காமல் தேய்த்தால் கன்னமும் சேர்ந்து வெளுத்துவிடும். இமை முடிக்குக் கீழே உள்ள மெல்லிய மடிப்புக்கோட்டையும் தொடக்கூடாது. எனக்கு ஒரு இடத்தில் பிரஷ் அதன் மேல் வழிந்துவிட்டது. மதிப்பை 0-க்குக் கொண்டுவந்து அதன் மேல் தேய்த்ததும் பழையபடி ஆனது.

எங்கே நிறுத்துவது? பக்கத்துக் கன்னத்தைவிடக் கண்ணடி ஒரு துளியாவது இருட்டாக இருக்கும்வரை. அதைத் தாண்டினால் வெயிலில் கூலிங்கிளாஸ் போட்டுத் திரிந்தவன் முகம் மாதிரி வெள்ளை வட்டம் தெரியும். பெரிதாக்கிய நிலையில் இது கண்ணுக்குப் படாது. படத்தைக் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

திருத்தி அனுப்பினேன். "இடது கண்ணு இன்னும் கொஞ்சம் கருப்பா இருக்கே?" என்றாள். ஜன்னல் வலது பக்கம் இருந்தது, அதனால் அப்படியே விட்டேன் என்றேன்.