டாரோவின் வாதமும் நீதிபதி கேவர்லியின் பதிலும்

"மரபணு, வளர்ப்பு, சூழ்நிலை, இதெல்லாம் சேர்ந்துதான் ஒருவனை ஒரு செயலுக்குத் தள்ளுகிறது. அப்படியிருக்க அவனை எப்படிக் குற்றம் சொல்வது?" அண்மைக் காலமாக இந்தக் கேள்வி மூளை அறிவியலின் புதுக் கண்டுபிடிப்பு போலச் சுற்றி வருகிறது. 1924இலேயே சிகாகோவில் ஒரு வழக்கறிஞர் இதை நீதிமன்றத்தில் வைத்து, இரண்டு பேரைத் தூக்குக் கயிற்றிலிருந்து மீட்க வாதாடினார்.

நேத்தன் லியோபோல்டுக்கு வயது 19, ரிச்சர்ட் லோபுக்கு 18. இருவரும் பெரும் பணக்கார வீட்டுப் பிள்ளைகள், படிப்பில் சூரர்கள். அந்த ஆண்டு மே 21 அன்று பாபி ஃபிராங்க்ஸ் என்ற 14 வயதுச் சிறுவனைக் காரில் ஏற்றிக் கொன்றார்கள். பகை எதுவும் கிடையாது. பிடிபடாமல் ஒரு கொலை செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பல மாதங்கள் திட்டமிட்டார்கள். பொய்ப் பெயரில் வாடகைக் கார் எடுத்தார்கள். அடையாளம் தெரியாதிருக்க உடலில் அமிலம் ஊற்றினார்கள். பணம் கேட்டுக் கடிதம் அடித்த தட்டச்சு இயந்திரத்தைக் குளத்தில் வீசினார்கள். கடைசியில் உடல் கிடந்த இடத்தில் விழுந்த ஒரு மூக்குக் கண்ணாடி அவர்களை மாட்டிவிட்டது. அதன் கீல் அபூர்வமான வகை, சிகாகோவில் மூன்றே பேர்தான் அதை வாங்கியிருந்தார்கள்.

வாதாட வந்தவர் கிளாரன்ஸ் டாரோ. ஜூரி முன்னால் போனால் தூக்கு நிச்சயம் என்று அவருக்குத் தெரியும். அதனால் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சொல்லி, தண்டனையை நீதிபதி ஒருவரே முடிவு செய்யும்படி வழக்கைத் திருப்பினார். மனநல மருத்துவர்களைக் கொண்டுவந்து நிறுத்தினார். லோபின் சிறுவயதுக் கண்டிப்பான ஆசிரியை, அவன் திருட்டுத்தனமாகப் படித்த துப்பறியும் கதைகள், லியோபோல்டின் தலையில் தத்துவஞானி நீட்சே, இருவரின் நாளமில்லாச் சுரப்பிகள் எனச் சாட்சியம் நாள்கணக்கில் நீண்டது. தன் இறுதி உரையில் டாரோ சொன்னதன் சாரம் இது: ஒரு மனிதனை உருவாக்கும் எண்ணற்ற காரணங்களில் எங்கோ ஒன்று பிசகிவிட்டது. அதற்கு இந்தப் பையன்களைத் தூக்கில் போடலாமா?

கேட்கும்போது மனம் இளகுகிறது. ஆனால் அந்த வாதத்தை முழுசாக ஏற்றால் அது அந்த இருவரோடு நிற்காது. தூக்கு வேண்டும் என்று கத்திய கூட்டமும், அதையே கோரி நின்ற அரசு வழக்கறிஞர் குரோவும் தங்கள் தங்கள் காரணங்களால் உருவானவர்கள்தானே? 'தூக்கில் போடாதே' என்று நீதிபதியிடம் கெஞ்சுவதற்கே, அவர் காரணங்களைக் கேட்டு முடிவெடுக்கக்கூடியவர் என்ற நம்பிக்கை வேண்டும். நீதிபதியிடம் டாரோ எதிர்பார்த்த அந்தத் திறன் லியோபோல்டிடமும் இருந்ததா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி.

இருந்தது என்றுதான் சொல்வேன். மாட்டிக்கொள்வோம் என்று பயந்துதான் அமிலமும் பொய்ப் பெயரும். காரணங்களை எடைபோட்டு அதற்கேற்ப நடக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். சிறுவனின் உயிரை மட்டும் எடையில் வைக்கவில்லை.

இதோடு இன்னொன்றை ஒப்பிடுங்கள். 2003இல் ஒரு மருத்துவ இதழில் வெளிவந்தது. அமெரிக்காவில் சுமார் 40 வயது ஆசிரியர் ஒருவருக்குத் திடீரெனக் குழந்தைகள்மீது பாலியல் நாட்டம் வந்தது. முன்மூளையில் கட்டி. அதை அகற்றியதும் நாட்டம் போனது, கட்டி மறுபடி வளர்ந்தபோது திரும்பியது. தான் செய்வது தப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது, தன்னைக் கட்டுப்படுத்தத்தான் முடியவில்லை. இவர்மேல் நம் கோபம் குறைகிறது. செயலுக்குக் காரணம் ஒன்று இருந்தது என்பதற்காகக் குறையவில்லை, லோபுக்கும்தான் காரணங்கள் இருந்தன. இங்கே கெட்டுப்போனது தன்னைத் தடுத்துக்கொள்ளும் திறன். (கட்டி இருக்கிறதா என்பது ஸ்கேனில் தெரிந்துவிடும். திறன் எவ்வளவு கெட்டது என்பதை எந்த ஸ்கேனும் துல்லியமாகக் காட்டாது. நீதிமன்றங்கள் திணறுவது அங்கேதான்.)

சரி, நீதிபதி ஜான் கேவர்லி என்ன செய்தார்? செப்டம்பர் 10 அன்று தீர்ப்பு. மருத்துவர்களின் ஆய்வு குற்றவியலுக்கு மதிப்புள்ளது என்றார். ஆனால் குற்றம் சாட்டப்பட்ட வேறு யாரை இப்படி ஆராய்ந்தாலும் இதுபோலவோ வேறுவிதமாகவோ ஏதாவது குறைபாடு தென்படும், ஆகவே அது இந்தத் தீர்ப்பைப் பாதிக்காது என்றார். இதைவிடச் சுருக்கமாக அந்த வாதத்தின் ஓட்டையை யாரும் காட்டியதாக நான் படித்ததில்லை. அப்புறம் இருவரின் இளவயதைக் காட்டி, தூக்குக்குப் பதிலாக ஆயுள் தண்டனை கொடுத்தார், கடத்தலுக்கு மேலும் 99 ஆண்டு.

டாரோவிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று உண்டு. லோப் அந்த வீட்டில் அந்த மூளையோடு பிறந்தது அவன் தேர்ந்தெடுத்தது அல்ல. ஆகவே 'துடிக்கட்டும், அவனுக்கு அது தகும்' என்று அவன் வலியில் திருப்தி காண எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. 'நீ செய்தாய், நீ பதில் சொல்' என்பது வேறு. அடைத்து வைப்பதும் வேறு, அதற்கு மற்றவர்களின் பாதுகாப்பு என்ற காரணமே போதும். லோப் 1936இல் சிறையிலேயே கொல்லப்பட்டான். 1958இல் பரோலில் வந்த லியோபோல்ட் புவேர்ட்டோ ரிக்கோ போய், அங்கே மருத்துவமனை ஒன்றில் வேலை பார்த்தார். அப்போது அவருக்கு வயது 53. இனி அவரால் ஆபத்தில்லை என்றான பிறகும் உள்ளேயே கிடக்கட்டும் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. பாபியின் வீட்டாரிடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை.