கொட்டச்சேட்டில் காணாமல் போன ஒரு ‘ச்’

மூன்று மாதக் கணக்கை ஒன்றாக்கினேன். எட்டு ஊர் வரவேண்டிய இடத்தில் பதினொரு ஊர் வந்தது. ஏற்காட்டில் ஒரே இரவில் மூன்று ஊர் முளைக்க வாய்ப்பில்லை என்பதால், தவறு என் தாளில்தான் இருந்தது.

சேலத்தில் உட்கார்ந்து மலைமேல் இருக்கும் ஒரு சிறு காபி வியாபாரிக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி என மூன்று தாள்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் தட்டச்சு செய்திருந்தார். இடப்பக்கம் ஊர்ப் பெயர், வலப்பக்கம் வாங்கிய காபிப் பழத்தின் எடை. எக்செல்லில் Data பட்டைக்குள் இருக்கும் Consolidate வசதியைத் திறந்து, மூன்று தாள்களின் வரம்பையும் சேர்த்து, Left column என்பதில் டிக் போட்டுச் சரி என்றேன். ஊர்ப் பெயரைப் பார்த்து அந்தந்த ஊருக்குக் கூட்டிக்கொள் என்று அதற்கு அர்த்தம்.

கூட்டியது. ஆனால் ஒரே ஊரை இரண்டு ஊராகவும் எடுத்துக்கொண்டது.

இதில் எனக்குக் கோபம் வந்தது எக்செல் மீதல்ல. மொத்த எடை சரியாக இருந்ததால் யாரும் இந்தத் தாளை இரண்டாவது முறை பார்க்கவில்லை. அதுதான் கோபம். ஒரு ஊர் இரண்டாகப் பிளந்தால் அடியில் வரும் கூட்டுத்தொகை மாறாது. “டேலி ஆகிறது” என்று சொல்லித் தாளை முதலாளியிடம் கொடுத்துவிட்டோம். அவர் அதை வைத்துத்தான் லாரி முடிவு செய்தார். பருவத்தில் 1,500 கிலோவைத் தாண்டிய ஊருக்கு வரும் ஆண்டு லாரியை அவரே அனுப்புவார், மற்ற ஊர்க்காரர்கள் மூட்டையைத் தாங்களே கொண்டுவர வேண்டும் என்பது ஏற்பாடு.

ஒரு வாரம் கழித்துக் கொட்டச்சேட்டிலிருந்து ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, எங்கள் ஊருக்கு லாரி இல்லையாமே? மூன்று மாதமும் நான்தானே நின்று எடை போட்டேன்?”

தாளைத் திறந்தேன். டிசம்பரில் 620, பிப்ரவரியில் 480, இரண்டும் சேர்ந்து 1,100 கிலோ “கொட்டச்சேடு” என்ற வரியில் இருந்தது. ஜனவரியின் 710 கிலோ “கொட்டசேடு” என்று இன்னொரு வரியில் தனியாக இருந்தது. உண்மையில் 1,810. இரண்டாகப் பிரிந்ததால் ஒன்றுகூட 1,500-ஐத் தொடவில்லை. பள்ளியில் ஒற்று விட்டதற்குத் தமிழாசிரியர் அரை மதிப்பெண் குறைப்பார். இங்கே ஒரு லாரியே போய்விட்டது.

மஞ்சக்குட்டைக்கும் இதே கதைதான், அங்கே விழுந்தது ‘க்’. நாகலூர்தான் என்னை உட்கார வைத்தது. இரண்டு வரியிலும் “நாகலூர்” என்றே இருந்தது. எழுத்து எழுத்தாக ஒப்பிட்டேன், ஒரு வேறுபாடும் இல்லை. கடைசியில் பக்கத்துக் கட்டத்தில் =LEN(A2) போட்டுப் பார்த்தேன். ஒன்றுக்கு 7, இன்னொன்றுக்கு 8. நம் கண்ணுக்கு அது நான்கு எழுத்து. எக்செல் துணைக்காலையும் ஊகாரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுவதால் 7. அந்த எட்டாவது, பெயரின் கடைசியில் யாரோ அழுத்திய ஒரு இடைவெளி. திரையிலும் தெரியாது, அச்சிலும் தெரியாது. Consolidate-க்கு மட்டும் அது வேறு ஊர்.

அலுவலகத் தம்பி ஒருவர் உதவிக்கு வந்தார். Left column டிக்கை எடுத்தார். கூடுதல் வரிகள் மறைந்து எட்டு எண்கள் வந்தன. டிசம்பர் தாளிலிருந்து ஊர்ப் பெயர்களை எடுத்துப் பக்கத்தில் ஒட்டினார். மொத்தமும் சரி. “பார்த்தீர்களா அண்ணா, முடிந்துவிட்டது” என்றார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது இந்த இடம்தான். டிக்கை எடுத்தால் எக்செல் பெயரையே பார்க்காது. முதல் தாளின் மூன்றாம் வரியை இரண்டாம் தாளின் மூன்றாம் வரியோடு கூட்டும், அவ்வளவுதான். டிசம்பரிலும் பிப்ரவரியிலும் கொட்டச்சேடு மூன்றாவது வரியில் இருந்தது. ஜனவரித் தாளை எழுதியவரோ அகர வரிசையில் எழுதியிருந்தார். அங்கே மூன்றாவது செம்மநத்தம், எடை 260. ஆக, கொட்டச்சேட்டுக்கு 620, 260, 480 சேர்ந்து 1,360 என்று வந்தது. செம்மநத்தத்துக்காரர் பறித்த பழம் கொட்டச்சேட்டுக் கணக்கில். பதினொரு வரி வந்தபோது ஏதோ கோளாறு என்றாவது தெரிந்தது. இந்தத் தாளைப் பார்த்து யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது. ஆகவே கூடுதல் வரி வந்தால் அதன்மேல் எரிச்சல்படாதீர்கள், அதை மறைக்கவும் வழி தேடாதீர்கள் என்பது என் கட்சி.

அன்றிலிருந்து நான் ஒரு வேலை செய்கிறேன். Sum வைத்துக் கூட்டுவதற்கு முன், ஒரு வெற்றுத் தாளில் அதே மூன்று வரம்புகளையும் Count வைத்து ஒரு முறை Consolidate செய்கிறேன். Left column டிக் அப்படியே இருக்கட்டும். மூன்று மாதமும் பழம் கொடுத்த ஊருக்கு 3 வரவேண்டும். கொட்டச்சேடு 2, கொட்டசேடு 1 என்று வந்தால் திருடன் அகப்பட்டான். ஒரு மாதம் வரத்தே இல்லாத ஊருக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் 0 போட்டுவிடுங்கள். காலிக் கட்டத்தை Count எண்ணாது, வீணாக ஒரு சந்தேகம் கிளம்பும். 4 வந்தால் ஒரே தாளில் அந்த ஊர் இரண்டு முறை ஏறியிருக்கிறது.

பிழை அகப்பட்ட பிறகு திருத்துவதை மூலத் தாளில்தான் செய்ய வேண்டும். ஒன்றாக்கிய தாளில் இரண்டு வரிகளைக் கையால் கூட்டி ஒன்றை அழித்தால், அடுத்த முறை ஒன்றாக்கும்போது அதே ஆவி திரும்பி வரும். இடைவெளிகளுக்கு இந்த வாய்பாடு போதும்:

```
=TRIM(SUBSTITUTE(A2,UNICHAR(160)," "))
```

TRIM மட்டும் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயரில் 160 என்ற எண்ணுள்ள வேறு வகை இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். TRIM அதைத் தொடாது. வந்த விடையை நகலெடுத்துப் பழைய பெயர்கள்மேல் மதிப்பாக மட்டும் ஒட்ட வேண்டும்.

விடுபட்ட ‘ச்’சை எந்த வாய்பாடும் போட்டுத் தராது. அதற்காக எட்டு ஊரையும் Master என்ற தாளில் ஒரு முறை எழுதிவைத்தேன். மாதத் தாள்களில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இது:

```
=COUNTIF(Master!$A$2:$A$9,A2)
```

0 வந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இல்லை. இனி வரும் பருவத்துக்கு Data Validation வைத்துப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்துவிட்டேன். ஆனால் வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டினால் அந்தக் காவல் நிற்காது. அதனால் COUNTIF நெடுவரிசையை எடுக்கவில்லை.

இரண்டு பேர் பெயரும் அச்சாக ஒன்றாக இருந்தால் Consolidate அவர்களை ஒரே ஆளாக்கிக் கூட்டிவிடும் என்பது இதன் மறுபக்கம். ஊர்க் கணக்கில் அந்தத் தொல்லை இல்லை. கூலிக் கணக்கில் உண்டு, அங்கே நான் பெயரை விட்டுவிட்டு எண் வைத்திருக்கிறேன்.

முதலாளியிடம் புதிய தாளைக் கொடுத்தேன். கொட்டச்சேடு 1,810. நாகலூரும் 1,170, 390 என்று பிரிந்துகிடந்தது சேர்ந்து 1,560 ஆகி லாரிப் பட்டியலில் ஏறியது. பெரியவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். அப்படியே, ஊர்ப் பெயரை ‘ச்’ போட்டுத்தானே எழுதுகிறீர்கள் என்றும் கேட்டேன்.

“பத்திரத்தில் ஒரு மாதிரி இருக்கிறது, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி இருக்கிறது தம்பி. லாரிக்காரருக்கு வழி தெரியும்” என்றார்.